சீலை உடைத்தது யார்?

ஆன்லைனில் லிப்ஸ்டிக், கிரீம், உள்ளாடை வாங்கும்போது, விலைக்குக் கீழே 'திரும்பப் பெறப்படாது' என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நம்பி, எப்படிப்பட்ட பொருள் வந்தாலும் பேசாமல் வைத்துக்கொள்கிறவர்கள் பலர். அந்த வரிக்கு அவ்வளவு பலம் இல்லை.

நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்றால் அந்த வரி செல்லும். பிடிக்காததைத் திருப்பித் தரும் உரிமையை நம் சட்டம் பொதுவாகத் தரவில்லை. அது கடைக்காரர் விருப்பம். ஆனால் பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்துக்கு மாறாகவோ இருந்தால், விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள். சுகாதாரப் பொருள் என்பதற்காக அதில் விலக்கு கிடையாது. ஆக, வழக்கு முழுவதும் சீல் யார் கையில் உடைந்தது என்பதில்தான் நிற்கிறது.

649 ரூபாய்க்கு ஒரு ஃபவுண்டேஷன் கிரீம் வந்ததாக வைத்துக்கொள்வோம். பெட்டி சரியாக இருக்கிறது. மூடியைத் திறந்தால் ட்யூபின் வாயில் இருக்கும் அலுமினியத் தாள் பாதி கிழிந்திருக்கிறது. வழிந்த கிரீமைத் துடைக்காதீர்கள், கையில் தடவியும் பார்க்காதீர்கள். ஒரு துளி பயன்படுத்தினாலும் 'நீங்கள்தான் திறந்தீர்கள்' என்பார்கள். கூரியர் கவரில் உள்ள முகவரிச் சீட்டு, கிழிந்த தாள், பெட்டியிலும் ட்யூபிலும் உள்ள பேட்ச் எண்கள் எல்லாவற்றையும் படமெடுங்கள். இரண்டு பேட்ச் எண்களும் ஒத்துப்போகாவிட்டால், யாரோ பொருளை மாற்றி வைத்திருக்கலாம் என்று சந்தேகப்பட இடமுண்டு. பார்சல் பிரிப்பதையே வீடியோ எடுத்திருந்தால் வாதம் சுலபம். சட்டம் அதைக் கேட்கவில்லை, கடைகள்தான் கேட்கின்றன.

புகார் செய்யும்போது பலர் சறுக்குவது காரணத்தைத் தேர்ந்தெடுப்பதில். அவசரத்தில் 'பிடிக்கவில்லை' என்பதைத் தொட்டால் கோரிக்கை அங்கேயே நிராகரிக்கப்படலாம். 'சேதமடைந்தது' என்பதைத் தேர்ந்தெடுத்து, சீல் உடைந்தே வந்தது என எழுதுங்கள். அன்றைக்கே செய்வது நல்லது. நாள் கடந்தால் சந்தேகம் உங்கள் பக்கம் திரும்பும்.

சீலை நீங்களே பிரித்திருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. உள்ளே இருப்பது காலாவதியான கிரீம் என்றால், பிரிக்காமல் அதை எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும்? உள்ளாடையிலும் தையல் பிரிந்திருந்தால் கேட்கலாம். அளவு மட்டும் சரியில்லை என்றால், ஒட்டியிருக்கும் சுகாதாரப் பட்டையைப் பிரித்த பிறகு வாதாடுவது வீண். அதனால் பட்டையை எடுக்காமல், சொந்த உள்ளாடைக்கு மேலேயே போட்டுப் பாருங்கள்.

கடை மறுத்தால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்தது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால், உங்கள் ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதுவரை அந்த ட்யூபைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.