குறைந்தது பழுதா, மோட்டாரா?

நூற்பாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கல்லூரி நண்பன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். சுவரில் ஒட்டியிருந்த வரைபடத்தைச் சாய்வாக நின்று செல்போனில் எடுத்தது. கீழே ஆண்டுகள் தெரிந்தன, இடப்பக்க அச்சு பாதி வெட்டுப்பட்டிருந்தது. கூடவே ஒரு குரல் பதிவு: "பார்த்தியாடா, ஒன்பது வருஷம் தாண்டினா பழுது குறையுது. பழைய மோட்டார்தான் உறுதி."

கோடு உண்மையிலேயே ஒன்பதாம் ஆண்டு வரை ஏறி, பிறகு இறங்கியது. இடப்பக்க அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "எத்தனை மோட்டார் போச்சுங்கிற எண்ணிக்கைதான்" என்றான். அங்கேதான் சிக்கல்.

அவன் தந்த கணக்கை எண்களைச் சற்றே முழுமையாக்கிச் சொல்கிறேன். ஒரே ரக மோட்டார்கள் 200, ஒரே ஆண்டில் பொருத்தியவை. முதல் ஆண்டில் 20 பழுதாயின. இரண்டாம் ஆண்டில் 9. அடுத்த மூன்று ஆண்டுகளிலும் ஐந்து ஐந்தாக. பிறகு 8, 12, 16 என்று ஏறி, ஒன்பதாம் ஆண்டில் 20. அதற்குப் பின் 18, 17, 16, 15. பார்த்தால் நிலைமை சீராகிறது போலத்தான் இருக்கும்.

ஆனால் பத்தாம் ஆண்டு தொடங்கும்போது ஓடிக்கொண்டிருந்தவை 100 மோட்டார்கள்தான். அதில் 18 போனால் நூற்றுக்கு 18. பதின்மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் மிச்சம் 49, போனவை 15, அதாவது நூற்றுக்கு 31. குறைந்தது பழுது அல்ல, பழுதாவதற்கு மிச்சமிருந்த மோட்டார்கள். இதுவரை தாக்குப்பிடித்தவற்றில் அடுத்த ஆண்டுக்குள் எத்தனை பங்கு போகும் என்பதைத்தான் கேட்க வேண்டும். இந்தப் பங்கைப் பொறியாளர்கள் ஹசார்ட் ரேட் என்பார்கள். நாம் பழுது வீதம் என்று வைத்துக்கொள்வோம்.

எல்லா ஆண்டுகளுக்கும் இப்படி வகுத்துப் பார்த்தால் முதல் ஆண்டு 10 சதவீதம், இரண்டாவது 5, பிறகு மூன்றாண்டுகள் 3 சதவீதத்தை ஒட்டியே கிடக்கிறது. ஆறாம் ஆண்டிலிருந்து 5, 8, 12, 17 என ஏறி, அப்புறம் இறங்கவே இல்லை. இதுதான் பாடப்புத்தகங்களில் வரும் 'பாத்டப் வளைவு'. நம் வீடுகளில் குளியல் தொட்டி ஏது? மாட்டுக்குக் கழுநீர் வைக்கும் தொட்டியைக் குறுக்கே வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியின் இடப்பக்கச் சரிவைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஓட ஓட மோட்டார் உறுதிப்படுவதாக அதற்கு அர்த்தமில்லை. சரியாக உட்காராத பேரிங், கீறல் பட்ட காயில், கோணலாகப் பொருத்திய கப்ளிங் என்று குறையோடு வந்தவை முதலில் உதிர்ந்துவிடுகின்றன. நல்லவை மிஞ்சுவதால் கூட்டத்தின் சராசரி உயர்கிறது, அவ்வளவே. நடுத்தரையில் வருபவை மின்னழுத்த ஏற்ற இறக்கம், இடி போன்ற திடீர் விபத்துகள். அவை வயது பார்ப்பதில்லை. வலப்பக்க ஏற்றம்தான் உண்மையான முதுமை: பேரிங் தேய்கிறது, காயிலின் காப்பு சூட்டில் மொறுமொறுத்துப் போகிறது.

'நாலு வருஷம் ஆச்சு, எதற்கும் மாற்றிவிடுவோம்' என்ற முடிவு இங்கே வீண் செலவு மட்டுமில்லை, பாதகமும்கூட. 3 சதவீத அபாயத்தில் ஓடும் மோட்டாரைக் கழற்றிவிட்டு 10 சதவீத அபாயம் உள்ள புதியதை மாட்டுகிறோம்.

எல்லா இயந்திரத்துக்கும் இந்தத் தொட்டி பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம். யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நோலன், ஹீப் இருவரும் 1978இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்குத் தந்த அறிக்கையில், விமான உறுப்புகளில் முழுத் தொட்டி வடிவம் காட்டியவை 4 சதவீதம் மட்டுமே. 68 சதவீத உறுப்புகளில் தொடக்கச் சரிவும் அதன்பின் சமதரையும்தான் இருந்தன. முதுமை ஏற்றமே தென்படவில்லை. வயது பார்த்துக் கழற்றிப் பிரிப்பதால் அவற்றுக்குப் பயனில்லை.

நண்பன் விடவில்லை. வீதத்தைப் போட்டு வரைந்த புதுப் படத்தையும் அனுப்பினான். வளைவின் வலக்கோடியில் ஒரு புள்ளி திடீரென்று கீழே விழுந்திருந்தது. விசாரித்ததில், அந்தக் கடைசி ஆண்டில் ஓடியவை மூன்றே மோட்டார்கள், ஒன்றும் பழுதாகவில்லை. ஒன்று போயிருந்தால் அதே புள்ளி 33 சதவீதத்தில் நின்றிருக்கும். மூன்றை வைத்துக்கொண்டு வளைவு வரைய முடியாது. இன்னொன்றும் வெளியே வந்தது: ரீவைண்டிங் செய்து திரும்பிய இரண்டு மோட்டார்களைப் பழைய வயதிலேயே சேர்த்திருந்தார்கள். புதுக் காயிலுக்கு வயது பூஜ்யத்திலிருந்துதானே?

அவனுக்கு இப்படிப் பதில் போட்டேன்: "அடுத்த முறை நேராக நின்று, இரண்டு அச்சும் தெரியும்படி எடு. ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும் அந்த ஆண்டு எத்தனை மோட்டார் ஓடியது என்று எழுதிவிட்டு அனுப்பு."