செண்ட் வாங்கப் போகிறீர்களா? முதல் நிமிட வாசனையை நம்பாதீர்கள்

பேரங்காடியில் செண்ட் விற்கும் பகுதிக்குப் போனால், விற்பனையாளர் ஒரு காகிதப் பட்டையில் தெளித்து நம் கையில் கொடுப்பார். முகர்ந்தவுடன் எலுமிச்சை போலக் குளுகுளுவென்று இருக்கும். பிடித்துப்போய் வாங்கிவிடுவோம். வீட்டுக்கு வந்து பூசிய ஒரு மணி நேரத்தில் அது வேறு வாசனையாக மாறியிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். போலிப் பொருளை விற்றுவிட்டார்கள் என்று பலர் நினைப்பது அப்போதுதான். பெரும்பாலும் அது போலியல்ல. செண்ட் வேலை செய்யும் விதமே அப்படித்தான்.

செண்டில் பல வாசனைப் பொருள்கள் கலந்திருக்கும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் எண்ணெய் மிக இலேசானது. அது முதலில் ஆவியாகிவிடும். பூக்களின் வாசனை அடுத்து எழுந்து சில மணி நேரம் நிற்கும். சந்தனம் போன்ற மர வாசனைகள் கனமானவை. அவை மெதுவாக ஆவியாவதால் கடைசி வரை தங்கும். ஆகவே, எந்த வகைச் செண்டாக இருந்தாலும் தொடக்கத்தில் எலுமிச்சையின் சாயல் இருக்க வாய்ப்பு அதிகம். உங்களுக்குப் பிடித்த வகை எது என்பதை முதல் நிமிடத்தை வைத்து முடிவு செய்ய முடியாது.

தெரிந்த வாசனையிலிருந்து தொடங்குவோம்

செண்டுகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் மூன்றை நம் மூக்குக்கு முன்பே தெரியும்.

முதலாவது எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமோட் ஆகியவற்றின் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான் இதற்கு அடிப்படை. பெர்கமோட் என்பது இத்தாலியில் அதிகம் விளையும் ஒரு வகை எலுமிச்சை. ஜெர்மனியின் கொலோன் நகரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபாரினா என்ற இத்தாலியர் தயாரித்த நறுமண நீர் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘கொலோன்’ என்ற பெயர் வந்ததும் அந்த நகரத்தால்தான். நம் ஊர் வெயிலுக்கு இது இதமானது. ஆனால் நெடுநேரம் நிற்காது. குளித்துவிட்டு வெளியே போகும்போது பூசினால், மதியத்திற்குள் மறுபடியும் பூச வேண்டியிருக்கும்.

இரண்டாவது பூக்குடும்பம். மல்லிகை, ரோஜா, சம்பங்கி எல்லாம் இதில் அடங்கும். தமிழ்நாட்டு மல்லிகையிலிருந்து எடுக்கும் சாரம் வெளிநாட்டுச் செண்டு நிறுவனங்களுக்கும் போகிறது. தலையில் வைத்த மல்லிகைச் சரம் மாலையில் கனமாக மணக்குமே, அது பிடிக்குமென்றால் வெள்ளைப் பூக்களின் செண்டைக் கேளுங்கள். மூடிய அறையில் அது தலைவலி தருமென்றால் ரோஜா வகையைக் கேட்பது நல்லது.

மூன்றாவது மரக்குடும்பம். சந்தனம், தேவதாரு, வெட்டிவேர், மலாய்க்காரர்கள் காஹாரு என்று சொல்லும் அகில், நீலாம் என்று சொல்லும் பச்சோலி ஆகியவை இதில் வரும். பச்சோலி என்ற பெயரே நம் ‘பச்சை இலை’யிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. மழை விட்ட பிறகு எழும் மண்வாசனையும், பழைய மரப்பெட்டியைத் திறந்தால் வரும் மணமும் பிடித்தவர்களுக்கு இந்தக் குடும்பம் ஒத்துப்போகும்.

பெயரைக் கேட்டாலே குழப்பும் இரண்டு

அடுத்த இரண்டும் ஒரே பொருளின் வாசனையல்ல. அவை சமையல் குறிப்பு போன்றவை. சாம்பார் என்றால் இன்னின்ன சேர்ந்தது என்று நமக்குத் தெரிவதைப் போல, சில குறிப்பிட்ட பொருள்கள் சேர்ந்தால்தான் இந்தப் பெயர் வரும்.

ஃபூஜேர் என்றால் பிரெஞ்சு மொழியில் பெரணிச் செடி, அதாவது நம் ஊர் பாக்கு பாக்கிஸ் வகை. பெரணிக்குச் சொல்லும்படியான வாசனை கிடையாது. 1882ல் ஊபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனம் ‘ஃபூஜேர் ரோயால்’ என்ற செண்டை வெளியிட்டது. பெரணிக்கு வாசனை இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்ற கற்பனையில் பிறந்த பெயர் அது. அந்தக் குடும்பமே பின்னர் அந்தப் பெயரைப் பெற்றது. லாவெண்டர், ஓக் மரத்தில் படரும் பாசி போன்ற ஒன்று, கூமரின் ஆகிய மூன்றும் இதற்கு அடிப்படை. வெட்டிய புல் வெயிலில் காயும்போது வரும் இனிய வாசனைதான் கூமரின். முடிதிருத்தும் கடையில் சவரம் செய்து முடித்ததும் முகத்தில் வீசும் வாசனை நினைவிருக்கிறதா? அது ஏறக்குறைய ஃபூஜேர்தான். ஆண்களுக்கென்று விற்கும் செண்டுகளில் ஏராளமானவை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஷீப்ர என்பது சைப்ரஸ் தீவின் பிரெஞ்சுப் பெயர். 1917ல் கோட்டி நிறுவனம் அந்தப் பெயரில் வெளியிட்ட செண்டு இந்தக் குடும்பத்திற்கு முன்மாதிரியானது. மேலே பெர்கமோட்டின் புளிப்பு, நடுவே பூக்கள், அடியில் ஓக் பாசியும் லப்டானம் என்ற பிசினும் இருக்கும். முடிவில் ஈரமான காட்டுத் தரையைப் போல, கொஞ்சம் கசப்பாக மணக்கும். இனிப்பு வாசனை பிடிக்காதவர்கள் இதை விரும்புவார்கள். ஓக் பாசி சிலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதால் அதன் அளவுக்கு இப்போது கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே புதிய ஷீப்ர செண்டுகள் பலவற்றில் பச்சோலிதான் அந்த இடத்தை நிரப்புகிறது.

மூன்று பட்டைகள், மூன்று மணி நேரம்

கடையில் இப்படிச் செய்து பாருங்கள். எலுமிச்சை, ஃபூஜேர், ஷீப்ர ஆகிய குடும்பங்களில் ஒவ்வொன்றைக் கேட்டு, மூன்று காகிதப் பட்டைகளில் தெளித்து வாங்குங்கள். பட்டையின் ஓரத்தில் பெயரையும் நேரத்தையும் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். மூக்கு களைத்துவிட்டால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும்.

காலை 11 மணிக்குத் தெளித்ததாக வைத்துக்கொள்வோம். அப்போது மூன்றிலும் ஏதோ ஒரு புளிப்பும் குளிர்ச்சியும் இருக்கும். வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. பட்டைகளைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, மற்ற சாமான்களை வாங்கப் போய்விடுங்கள்.

11.20க்கு முகர்ந்தால் முதல் பட்டை இளைத்திருக்கும். இரண்டாவதில் லாவெண்டர் மேலெழும். மூன்றாவதில் பூ வாசனை தெரியும். பிற்பகல் 2 மணிக்கு முதல் பட்டை ஏறக்குறைய வெறும் காகிதமாகியிருக்கும். இரண்டாவதில் காய்ந்த புல்லும் சவரச் சோப்பும், மூன்றாவதில் பாசியும் ஈரமண்ணும் மணக்கும். இந்த 2 மணி வாசனையோடுதான் நாள் முழுவதும் நீங்கள் இருக்கப் போகிறீர்கள். எது பிடிக்கிறது என்பதை இந்த நேரத்தில் முடிவு செய்யுங்கள். முதல் பட்டையின் தொடக்கம்தான் பிடித்திருந்தது என்றால் அதையே வாங்கலாம். அடிக்கடி பூச வேண்டும் என்று தெரிந்தே வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

பிடித்ததை இன்னொரு நாள் மணிக்கட்டில் தெளித்துப் பாருங்கள். உடல் சூடும் வியர்வையும் வாசனையை மாற்றும். காகிதத்தில் அளவாக இருந்த பூ வாசனை, பேருந்து நிறுத்தத்து வெயிலில் திகட்டலாம். தோல் சிவந்தாலோ அரித்தாலோ உடனே கழுவிவிட்டு, அந்தச் செண்டை விட்டுவிடுங்கள்.

கடைக்காரரிடம் குடும்பத்தின் பெயர் சொல்ல வராவிட்டாலும் பரவாயில்லை. “மூன்று மணி நேரம் கழித்து மண்வாசனை வர வேண்டும்” என்றோ, “சவரச் சோப்பு வாசனை வர வேண்டும்” என்றோ சொன்னாலே, விஷயம் தெரிந்தவர் சரியான புட்டியை எடுத்துக் கொடுப்பார்.