டெஸ்ட் முடித்தவருக்கு ஒரு தெளிவான பதில்

வேலைக்கு விண்ணப்பித்தவர் வீட்டிலிருந்தே செய்யும் புரோகிராமிங் டெஸ்டை முடித்து அனுப்பிவிட்டார். 'அடுத்த கட்டத்துக்குப் போகிறது, விரைவில் தெரிவிக்கிறோம்' என்று எச்.ஆர். பதில் போடுகிறார். படிப்பவருக்குக் குழப்பம்: தேர்ச்சி பெற்றுவிட்டோமா, இனிமேல்தான் திருத்தப் போகிறார்களா?

இப்படி எழுதினால் குழப்பமில்லை:

"நீங்கள் அனுப்பிய டெஸ்ட் 9-ஆம் தேதி, திங்களன்று கிடைத்தது. எங்கள் பொறியாளர்கள் இருவர் அதைப் பார்க்கிறார்கள். முடிவு இன்னும் ஆகவில்லை. 13-ஆம் தேதி, வெள்ளி மாலைக்குள் எப்படியானாலும் தெரிவிப்போம். தேர்வானால் 16 முதல் 18-க்குள் ஒரு மணி நேர வீடியோ நேர்காணல் இருக்கும். உங்கள் கோடைப் பற்றிப் பேசுவோம். தாமதமானால் அதே வெள்ளியன்று புதிய தேதி சொல்வோம்."

தேதியை எச்.ஆர். தானாக முடிவு செய்யக் கூடாது. திருத்துபவரிடம் கேட்க வேண்டும். அவர் புதன் என்றால், வெள்ளி என்று எழுதுவது நல்லது. அவருக்கு வேறு அவசர வேலை வந்தாலும் சொன்ன நாள் தவறாது.

வெள்ளிக்குப் பிறகு விண்ணப்பித்தவரே 'என்ன ஆயிற்று?' என்று கேட்க நேர்ந்தால், அந்தத் தேதியை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள். வேறு இடத்தில் வேலை கைக்கு வந்தவர் அதற்குள் அங்கே சரி சொல்லியிருப்பார்.