பில்லில் முந்நூறு, கணக்கில் இருநூற்றுத் தொண்ணூறு

சிமெண்ட் கம்பெனி தன் டீலருக்குப் போடும் பில்லில் மூட்டைக்கு 300 ரூபாய் என்று இருக்கிறது, வரி தனி. அந்த 300 ரூபாய் முழுவதும் கம்பெனியிடம் தங்கப்போவதில்லை. மூன்று மாதம் முடிந்ததும், டீலர் மொத்தம் எத்தனை மூட்டை எடுத்தார் என்று பார்த்து, ஒரு பகுதியை கிரெடிட் நோட்டாக அவருக்கே திருப்பித் தர வேண்டும். எவ்வளவு என்பது கடைசி நாளில்தான் தெரியும். விற்பனைக் கணக்கு அதுவரை காத்திருக்காது, மாதாமாதம் எழுதியாக வேண்டும். ஆகவே இன்னும் தெரியாத ஒரு தொகையை மதிப்பிட்டு, இன்றைய விற்பனையிலிருந்தே கழிக்க வேண்டியிருக்கிறது. கணக்குப் பிரிவில் இதை ‘ப்ரொவிஷன் போடுவது’ என்பார்கள்.

டெல்டா பகுதி டீலர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டுக்கு அவருக்குத் தரப்பட்ட ஸ்கீம் இது: 5,000 மூட்டைக்குக் கீழே எதுவும் கிடையாது, 5,000 தொட்டால் மூட்டைக்கு 5 ரூபாய், 8,000 தொட்டால் 10 ரூபாய். இந்தத் தள்ளுபடி எல்லையைத் தாண்டிய மூட்டைகளுக்கு மட்டுமல்ல, முதல் மூட்டையிலிருந்து எல்லாவற்றுக்கும் உண்டு. 7,999 மூட்டை எடுத்தவருக்கு 39,995 ரூபாய் கிடைக்கும். இன்னும் ஒரே ஒரு மூட்டை எடுத்தால் 80,000. அந்த ஒரு மூட்டைக்குள் நாற்பதாயிரம் ரூபாய் இருக்கிறது. பின்னால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இதிலிருந்து பிறப்பவைதான்.

அக்டோபரில் அவர் 3,100 மூட்டை எடுக்கிறார். முதல் ஸ்லாபையே இன்னும் தொடவில்லை, பிறகு எதற்குக் கழிக்க வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்கும். டிசம்பரில் அவர் 8,000 தொட்டால் இந்த 3,100 மூட்டைக்கும் 10 ரூபாய் தர வேண்டும் என்பதே பதில். அப்படியானால் அவை விற்ற அன்றே 290 ரூபாய்க்குத்தான் விற்றன. காலாண்டு முழுவதற்கும் 8,500 மூட்டை போகும் என்று கணக்கர் மதிப்பிடுகிறார். 31,000 ரூபாயை அக்டோபர் விற்பனையிலிருந்து கழித்து, டீலருக்குத் தர வேண்டிய பொறுப்பாக எழுதுகிறார். இதைச் செலவுக் கணக்கில் விளம்பரம், ஊக்குவிப்பு என்று எழுதுவது சரியல்ல. டீலர் இதற்காகத் தனியாக எந்தச் சேவையும் செய்யவில்லை, விலைதான் குறைகிறது. தன் கடைச் சுவரில் கம்பெனி விளம்பரம் எழுத இடம் கொடுத்து, அதற்கு நியாயமான வாடகை வாங்கினால் அது வேறு கணக்கு.

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. கட்டட வேலைகள் நிற்கின்றன. டீலர் எடுத்தது 1,900 மூட்டை. இரண்டு மாதமும் சேர்த்து 5,000. டிசம்பரில் அதிகம் போனால் 2,300 போகும், மொத்தம் 7,300தான் வரும் என்று கணக்கர் மதிப்பீட்டைக் குறைக்கிறார். இப்போது மூட்டைக்கு 5 ரூபாய் போதும். 5,000 மூட்டைக்கு 25,000 ரூபாய். ஏற்கெனவே 31,000 கழித்தாயிற்று. மிச்சம் 6,000 ரூபாய் நவம்பர் விற்பனையில் திரும்பச் சேர்கிறது. மழையில் வியாபாரம் படுத்த மாதத்தில், ஒரு மூட்டைகூட அதிகம் விற்காமல் விற்பனைத் தொகை கூடுகிறது.

டிசம்பர் கடைசி வாரத்தில் டீலர் தன் கணக்கைப் பார்க்கிறார். ஸ்லாபுக்கு இன்னும் சில நூறு மூட்டைதான் குறைகிறது. வாடிக்கையாளர் கேட்காவிட்டாலும் லாரி லோடாக இறக்கி கோடவுனில் அடுக்குகிறார். டிசம்பரில் 3,150, மொத்தம் 8,150. தர வேண்டியது 81,500 ரூபாய். பொறுப்புக் கணக்கில் இருப்பதோ 25,000. மீதி 56,500 ரூபாயும் டிசம்பர் விற்பனையிலிருந்தே போகிறது. மூட்டைக் கணக்கில் பார்த்தால் அக்டோபரில் 290 ரூபாய், நவம்பரில் 303, டிசம்பரில் 282. ஒரே டீலர், ஒரே சிமெண்ட், ஒரே ஒப்பந்தம். நவம்பரில் 10 ரூபாயை மாற்றாமல் விட்டிருந்தால் மூன்று மாதமும் 290 என்றே நின்றிருக்கும்.

காலாண்டு முடிவில் எல்லாம் நேராகிவிட்டதே என்று தோன்றும். ஆனால் இதே தவறு டிசம்பர் 31 அன்று நடக்கலாம். கடைசி லாரிகளின் பில் பதிவாகாமல், 7,900 என்ற எண்ணை வைத்து ப்ரொவிஷன் போட்டால், பாதித் தொகை அடுத்த காலாண்டின் தலையில் விழும். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் டிசம்பர் காலாண்டின் முடிவை 45 நாளுக்குள் வெளியிட வேண்டும். கிரெடிட் நோட்டுகள் எல்லாம் அதற்குள் போய்விடும் என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இந்த் ஏஎஸ் 115 என்ற கணக்கியல் தரநிலை இந்த இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கிறது. பிற்பாடு பெரிய அளவில் திரும்பக் கழிக்க நேராது என்பதற்கு மிக வலுவான வாய்ப்பு இருக்கும் அளவுக்கு மட்டுமே தொகையை வருமானமாகக் காட்டலாம் என்கிறது. ஆகவே ப்ரொவிஷனைக் குறைப்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். நம் கணக்கர் நவம்பரில் மழையைப் பார்த்தார். டீலரின் முந்தைய டிசம்பர்களைப் பார்க்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கடைசி வாரத்தில் ஸ்லாபை எட்டிப் பிடிப்பவர் என்று பழைய பில் தேதிகளே சொல்லியிருக்கும். எனக்கு இதில் கூட்டல் கழித்தலைவிட அந்தப் பில் தேதிகளே பெரிய சாட்சி.

தனி டீலர் என்றால் எந்த ஸ்லாப் வரும் என்று ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பொருந்தும். ஒரே மாதிரி நூறு டீலர்கள் இருந்தால் அப்படி வேண்டாம். அறுபது பேர் 10 ரூபாய்க்கும், முப்பது பேர் 5 ரூபாய்க்கும் வருவார்கள், பத்துப் பேருக்கு எதுவும் கிடைக்காது என்று அனுபவம் சொன்னால், எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு எடுப்பவர்களாயின், மூட்டைக்குச் சராசரி ஏழரை ரூபாய் கழித்தால் போதும்.

ப்ரொவிஷன் சரிதானா என்று பார்க்க எளிய வழி, போன காலாண்டில் போட்ட தொகையையும் அதற்காக உண்மையில் கொடுத்த கிரெடிட் நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. கொடுத்தது எப்போதும் அதிகமாக இருந்தால், கணக்குப் பிரிவுக்குத் தெரியாத ஏதோ ஒரு வாக்குறுதி வெளியே இருக்கிறது. டார்கெட்டை முடிக்க விற்பனை அதிகாரி போனில் சொன்ன “எடுங்கண்ணே, மூட்டைக்கு இன்னும் ரெண்டு ரூபா நான் வாங்கித் தர்றேன்” என்பதாக அது இருக்கலாம். எழுத்தில் இல்லாததாலேயே அது பொறுப்பாகாமல் போய்விடாது. கம்பெனி வழக்கமாக அதைக் கொடுத்துவிடும் என்றால் அதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். மறுபக்கம், கொடுத்தது எப்போதும் குறைவாக இருந்து, பழைய மிச்சம் கணக்கில் குவிந்துகொண்டே போனால் அதுவும் தவறுதான். மோசமான காலாண்டில் அதைத் திரும்ப எடுத்து விற்பனையைத் தூக்கிக் காட்டும் ஆசை வரும்.

வாங்குபவர் பக்கத்திலும் இதே மதிப்பீடு நடக்கிறது. பிரிட்டனின் டெஸ்கோ 2014 செப்டம்பரில் தன் அரையாண்டு லாப எதிர்பார்ப்பு சுமார் 25 கோடி பவுண்டு மிகையாகச் சொல்லப்பட்டிருந்ததாக அறிவித்தது. சப்ளையர்களிடமிருந்து வர வேண்டிய தள்ளுபடி போன்ற தொகைகளை உரிய காலத்துக்கு முன்பே வருமானமாக எழுதியது அதன் முக்கியக் காரணம். 2017-இல் அதன் பிரிட்டிஷ் துணை நிறுவனம் 12.9 கோடி பவுண்டு அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

நம் டீலருக்கு 81,500 ரூபாய் கிரெடிட் நோட் வருகிறது. தலைக்குமேல் கோடவுனில் விற்காத மூட்டைகளும் இருக்கின்றன. மூன்று மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதித்துப் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். ஈரம் பட்டால் அதற்கு முன்பே கட்டியாகும். ஜனவரியில் முதலில் அவற்றைத்தான் விற்பார், கம்பெனியிடம் எடுப்பது குறையும். மார்ச் காலாண்டின் முதல் மாத மதிப்பீட்டைப் போடும் கணக்கர், அந்தக் குறைவைப் பார்த்து ஸ்லாபைக் கீழே இறக்கும் முன், கோடவுனில் எத்தனை மூட்டை நிற்கிறது என்று விற்பனை அதிகாரியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.