மொட்டை மாடிக்கு ஒரு யோசனை

“மாடி சும்மாதானே கிடக்கு, என்ன பண்ணலாம்? ஐடியா சொல்லுங்க.” அடுக்ககக் குழுவில் இப்படி ஒரு செய்தி விழுந்தால், பத்துக் கட்டைவிரல்கள் வரும், யோசனை வராது. கேள்வியிலேயே அளவு இல்லை.

அதே செய்தி இப்படி இருக்கலாம்: “தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை போக 600 சதுர அடி மிச்சம். மாலை நான்கு மணிக்குமேல் நிழல். தண்ணீர்க் குழாய் உண்டு. தோட்டமா, துணிக்கொடியா, சோலாரா? ஞாயிறு இரவுக்குள் சொல்லுங்கள். பராமரிக்க யார் வருவீர்கள் என்றும் எழுதுங்கள்.” கடைசி வரிதான் முக்கியம். தோட்டம் கேட்பவர் பலர், மே மாதம் தண்ணீர் ஊற்றுபவர் சிலர்.

தோட்டம் என்று முடிவானால் எடை குறுக்கே நிற்கும். ஆட்கள் நடமாடும் தட்டைக் கூரைக்கு இந்தியத் தரநிலை வைக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ; சதுர அடிக்கு 14 கிலோ. ஆனால் ஓர் அடி ஆழத்துக்கு நிரப்பிய ஈரமண் சதுர அடிக்கு 45 கிலோவைத் தாண்டும். பாத்தி கட்டி மண் கொட்டுவது ஆபத்து. தென்னை நார்க்கழிவு கலந்த பைகளைத் தூணும் உத்தரமும் உள்ள ஓரங்களில், இடைவெளி விட்டு வைப்பதே வழக்கம். அதையும் கட்டடப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மேல்வீட்டுக் கூரையில் ஈரத்திட்டு தெரிந்தால், பைகளை நகர்த்தி முதலில் ஒழுக்கைப் பார்க்க வேண்டும்.