படிவத்தில் ஒரு கேள்வி: எதிர்வழக்கில் பெயர் உள்ளவர் என்ன எழுதுவது?

மேலூர் வட்டம் திருவாதவூர் பக்கத்துக் காலனி இளைஞர் ஒருவர் காவலர் தேர்வில் தேறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருவிழாத் தகராறில் காலனிக்காரர்கள் வன்கொடுமைப் புகார் கொடுத்தார்கள். மறுநாளே எதிர்த்தரப்பு ஒரு புகார் கொடுத்தது. ஆபாசமாகத் திட்டினார்கள், அடித்தார்கள், கொலை மிரட்டல் விட்டார்கள் என்ற வழக்கமான பிரிவுகள்தான். அந்த எதிர்வழக்கில் இவர் பெயர் ஏழாவதாக இருக்கிறது. கைதும் இல்லை, சம்மனும் வரவில்லை.

இப்போது சரிபார்ப்புப் படிவம் வருகிறது. உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா என்று அதில் கேட்கிறார்கள். "இல்லைன்னு எழுதுப்பா, யாரு பாக்கப் போறா" என்று சொல்லும் பெரியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. வேலையைக் கெடுப்பது அந்த யோசனைதான். படிவம் நேராக உள்ளூர் காவல் நிலையத்துக்குப் போகும், அங்கே வழக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் இதற்கு வழிகாட்டியது. கேட்ட தகவலை உண்மையாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் நியமிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. ஆனால் அவருக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. கேள்வி தெளிவாக இருக்க வேண்டும். கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது. வழக்கு இருப்பதே தெரியாதவரை மறைத்தவராகக் கருத முடியாது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சிறு வழக்கை மறைத்திருந்தால்கூட அதைப் பொறுத்துக்கொள்ள இடமுண்டு.

தமிழ்நாட்டில் இன்னொரு முள் இருக்கிறது. காவலர் பணி விதி 14(பி)யின் விளக்கப்படி, 'சந்தேகத்தின் பலனை அளித்து' விடுதலை செய்யப்பட்டவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் மணிகண்டன் வழக்கில் இதை ஏற்றது. சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு குற்றமற்றவர் என்றே தீர்ப்பு வந்தாலும், அடுத்த தேர்வில்தான் உரிமை கோர முடியும். கௌரவமான விடுதலையா, சந்தேகத்தின் பலனா என்பது தீர்ப்பின் ஒரு வரியில் இருக்கிறது. சாட்சிகள் பிறழ்ந்ததால் வழக்கு முடிந்தால், பெரும்பாலும் இரண்டாவது வரிதான் விழும். எதிர்வழக்கு போட்டவர்களுக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம்.

ஆகவே தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிவிடுங்கள். வழக்கு பொய் என்றால், அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு போட முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். வழிச் செலவுக்குப் பணம் இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கறிஞர் தரும். பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பு கிடையாது. நம் இளைஞர் படிவத்தில் குற்ற எண்ணையும் வழக்கின் நிலையையும் எழுதி, தன் தரப்புப் புகாரின் எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.