கடைசி விநாடியில் நின்ற ராக்கெட்: திட எரிபொருளா, திரவ எரிபொருளா?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "திரவ எரிபொருள்தான் நல்லதுன்னா இஸ்ரோ ஏன் இன்னும் திட எரிபொருளை வெச்சிருக்கு?" இதுக்கு நான் ஒரே ஒரு கவுன்ட்டவுனை எடுத்துக்கிறேன். 2001 மார்ச் 28, ஸ்ரீஹரிகோட்டா. முதல் ஜிஎஸ்எல்வி, பேரு டி1.

அந்த ராக்கெட்டோட எடை சுமார் 400 டன். நடுவுல ஒரு பெரிய திட எரிபொருள் மோட்டார், அதைச் சுத்தி நாலு திரவ எரிபொருள் பூஸ்டர். ரெண்டும் எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல பார்த்துடுவோம்.

திட மோட்டார் கிட்டத்தட்ட நம்ம தீபாவளி புஸ்வாணம் மாதிரி. எரிபொருளும், அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தர்ற பொருளும் முன்னாடியே ஒண்ணா கலந்திருக்கும். அலுமினியப் பொடி, அம்மோனியம் பெர்குளோரேட், ரெண்டையும் பிடிச்சு வைக்க ரப்பர் மாதிரி ஒரு பிசின். நடுவுல நீளமா ஒரு துளை விட்டு வார்ப்பாங்க. பத்த வெச்சா துளையோட சுவர் உள்ளேருந்து வெளியே எரிஞ்சுகிட்டே போகும். எந்த நேரத்துல எவ்வளவு விசை வரணும்ங்கிறதை அந்தத் துளையோட வடிவமே தீர்மானிச்சிடும். பத்த வெச்சதுக்கு அப்புறம் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, அணைக்கவும் முடியாது.

திரவ எஞ்சின் வேற கதை. இந்த பூஸ்டர்கள்ல இருந்தது விகாஸ் எஞ்சின். எரிபொருள் ஒரு தொட்டியில, ஆக்சிடைசர் இன்னொரு தொட்டியில. எங்க வேப்பந்தட்டை பக்கம் கிணத்துல இருந்து மோட்டார் தண்ணியை இழுத்துத் தள்ளுற மாதிரி, இங்க டர்போபம்ப் ரெண்டு திரவத்தையும் அழுத்தத்தோட எரி அறைக்குள்ள தள்ளும். விகாஸ்ல தீப்பொறியே வேண்டாம், ரெண்டும் தொட்டாலே பத்திக்கும். வால்வை மூடினா நின்னுடும்.

இப்போ கணக்குக்கு வருவோம். ஒரு விகாஸ் தரையில கொடுக்கிற விசை சுமார் 70 டன் எடையைத் தாங்கும். நாலும் சேர்ந்தா 280. ராக்கெட்டோ 400 டன். அதனால நாலும் முழுசா எரிஞ்சாலும் ராக்கெட் தரையை விட்டுக் கிளம்பாது. நடுவுல இருக்கிற திட மோட்டார் மட்டும் தனியா சுமார் 480 டன் கொடுக்கும். அது பத்தினாதான் பயணம்.

அதனால வரிசை இப்படி: புறப்பட 4.8 விநாடி இருக்கும்போது நாலு திரவ எஞ்சினையும் பத்த வைப்பாங்க. ஒவ்வொண்ணும் தேவையான விசையைக் கொடுக்குதான்னு கம்ப்யூட்டர் பார்க்கும். நாலும் சரின்னா மட்டும்தான் திட மோட்டாருக்கு நெருப்பு. நம்ம பாஷையில சொன்னா, ஹெல்த் செக் பாஸ் ஆனாதான் ரோல்பேக்கே இல்லாத அந்த ஸ்டெப்புக்குப் போகும்.

மார்ச் 28 அன்னைக்கு நாலுல ஒரு எஞ்சின் போதுமான விசையைக் கொடுக்கல. புறப்பட ஒரு விநாடி இருக்கும்போது கம்ப்யூட்டர் எல்லாத்தையும் நிறுத்திடுச்சு. ஆக்சிடைசர் வர்ற பாதையில குறைன்னு கண்டுபிடிச்சாங்க. 21 நாள் கழிச்சு, ஏப்ரல் 18, அதே ராக்கெட் கிளம்புச்சு. திட மோட்டாரை முதல்ல பத்த வெச்சிருந்தா, ஒரு பக்கம் பலமில்லாத ராக்கெட் ஏவுதளத்துக்கு மேலேயே சாய்ஞ்சிருக்கும்.

அப்போ எல்லாத்தையும் திரவமாவே வெச்சுக்கலாமேன்னு தோணும். 280-ஐயும் 480-ஐயும் மறுபடி பாருங்க. தரையில இருந்து தூக்குறதுக்கு அந்த முரட்டு பலம் வேணும். அதைப் பம்ப், வால்வு எதுவும் இல்லாம, மாசக்கணக்குல தயாரா வெச்சிருக்கக்கூடிய ஒரே உருளையில தர்றது திட மோட்டார். அதே பலத்துக்கு ஏழு விகாஸ் வேணும், ஏழு பம்ப் தொகுதி வேணும். குறை வர்றதுக்கான இடங்களும் அந்த அளவுக்குக் கூடும்.

ஆனா சிக்கனத்துல திரவம்தான் முன்னாடி. வெற்றிடத்துல ஒரு கிலோ திட எரிபொருள் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையை சுமார் 270 விநாடி தரும். விகாஸ்ல சுமார் 290. இன்னொரு விலையும் உண்டு. ஜிஎஸ்எல்வியில திட மோட்டார் சுமார் 100 விநாடியில எரிஞ்சு முடிஞ்சிடும், பூஸ்டர்களோ 150 விநாடி வரைக்கும் எரியும். அந்த இடைவெளி முழுக்க காலி உருளையைச் சும்மா சுமந்துகிட்டுப் போகணும். கடைசி விநாடியில நிறுத்துற வசதிக்காகக் கொடுக்கிற விலை அது.

திட மோட்டாரை ஓட்டிப் பார்த்துட்டு அணைச்சு வைக்க முடியாது, அதனால சோதனை எல்லாம் முன்னாடியே முடியணும். எக்ஸ்ரே எடுத்து விரிசல் இருக்கான்னு பார்ப்பாங்க. விரிசல் இருந்தா எரியுற பரப்பு கூடும், அழுத்தம் ஏறும், உருளையே வெடிக்கலாம். அழுத்தம் இறங்கினாலும் ஆபத்துதான். 2025 மே 18, பிஎஸ்எல்வி-சி61-ல மூணாவது நிலையான திட மோட்டார்ல அழுத்தம் குறைஞ்சு, இஓஎஸ்-09 செயற்கைக்கோள் போச்சு. தரையில இருந்தவங்க அந்த எண் இறங்குறதைப் பார்க்க மட்டும்தான் முடிஞ்சது.

அடுத்த எபிசோடுல கிரையோஜெனிக். கேள்விகளை அனுப்புங்க, பார்க்கலாம்.